குடும்பப்பெயர் இல்லாத ஊருக்கு ஒரு பெயரடைவு

ஆனைக்குட்டத்தைப் பற்றி ஒரு வரலாற்று நூல் எழுதப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அர்ச்சுனா நதியின் குறுக்கே அங்கே கட்டிய அணை, சுற்றிலும் வந்து சேர்ந்த பட்டாசு ஆலைகள், விருதுநகர் வணிகர்கள், சிவகாசி முதலாளிகள், ஆலைக்கு வேலைக்குப் போகும் ஆண்களும் பெண்களும் என்று பல நூறு பெயர்கள் அதில் வரும். நூலின் கடைசியில் ஒரு பெயரடைவு வேண்டும். அதற்குப் பதிப்புலகில் ஆயத்தமாக ஒரு விதி இருக்கிறது. குடும்பப்பெயரை முதலில் எழுதிக் காற்புள்ளி இட வேண்டும். மற்றப் பெயரைப் பின்னால் சேர்க்க வேண்டும். அகர வரிசையில் அடுக்கி, முதலெழுத்து மாறும் இடத்தில் அந்த எழுத்தைத் தலைப்பாக வைக்க வேண்டும். இந்த விதியைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றினால் இந்த வட்டாரத்துக்குப் பயன்படாத ஓர் அடைவுதான் கிடைக்கும். அந்த விதி எதற்காக உண்டானதோ அந்த நோக்கத்தைப் பின்பற்றினால் நல்ல அடைவு கிடைக்கும். ஆனால் வேலை கூடும். குடும்பப்பெயர் எது என்ற கேள்வியோடு அந்த வேலை முடிவதில்லை. எந்த எழுத்துத் தலைப்பின் கீழ் ஒருவரை வைப்பது என்பதுதான் தமிழில் பெரிய தலைவலி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சிவகாசியின் தொழில் வரலாறு இரண்டு பேரோடு தொடங்குவது வழக்கம். பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் உறவினர்கள். 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பியவர்கள். தீப்பெட்டியிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய பட்டாசுத் தொழில். இந்த இருவர் பெயரிலும் கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொண்டால் 'நாடார், அய்ய', 'நாடார், சண்முக' என்று இரண்டு பதிவுகள் 'ந' தலைப்பின் கீழ் போய் உட்காரும். அவர்களோடு இது நிற்காது. சிவகாசி, விருதுநகர் பற்றிய அத்தியாயங்களில் வரும் பழைய தலைமுறை வணிகர்களில் பெரும்பகுதியினர் அதே இடத்தில் வரிசை கட்டுவார்கள். மற்ற எழுத்துகள் பாதி காலியாக இருக்க, 'ந' மட்டும் பக்கம் பக்கமாக நீளும். அங்கே போய்த் தேடுகிறவர் நாடார் என்ற சொல்லைத் தாண்டி, காற்புள்ளிக்குப் பின்னால் உள்ளதைத்தான் படிக்க வேண்டியிருக்கும். அதாவது முன்னால் வைத்த சொல் தேடலுக்கு எந்த உதவியும் செய்யவில்லை. அடைவில் முதலில் வரும் சொல்லுக்கு இரண்டு கடமை உண்டு. தேடுகிறவருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தபின் அது ஆளை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்ட வேண்டும். ஐரோப்பியக் குடும்பப்பெயர் பெரும்பாலும் இரண்டையும் செய்கிறது. சாதிப் பட்டம் முதலாவதை ஓரளவு செய்யும், இரண்டாவதைச் செய்யவே செய்யாது.

பட்டத்தில் இன்னொரு குறையும் உண்டு. அது காலத்தில் நிலைத்து நிற்பதில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்தது. அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன். அவர் பெயரே பழைய ஆவணங்களில் பட்டத்தோடும் பின்னாளில் பட்டம் இல்லாமலும் வருகிறது. ஈ. வெ. ராமசாமியின் பெயர் இதைவிடச் சிக்கலானது. ஆரம்ப ஆவணங்களில் ராமசாமி நாயக்கர், பிறகு வெறும் ராமசாமி, தூய தமிழில் எழுதுகிறவர்களுக்கு இராமசாமி, ஊருக்கெல்லாம் பெரியார். கடைசிச் சொல், முதலெழுத்து என்று கண்ணை மூடிக்கொண்டு போனால் ஒரே மனிதர் ந, ர, இ, ப என்ற நான்கு தலைப்புகளில் நான்கு பேராக வாழ்வார். 'பெரியார்' என்று தேடியவருக்கு 1938-க்கு முந்திய பக்கங்கள் கிடைக்காமல் போகலாம். அவை அடைவில் இல்லாததால் நூலிலும் இல்லை என்று அவர் நம்பிவிடுவார். அடைவு செய்யும் மோசமான தவறுகளில் இதுவும் ஒன்று. ஏனென்றால் தேடியவருக்குத் தான் ஏமாந்ததே தெரியாது.

இந்தச் சிக்கலை நம் ஆள் ஒருவரே முன்பு எடுத்துப் பேசியிருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1934-இல் வெளியிட்ட நூற்பட்டியல் விதித்தொகுப்பில் தென்னிந்தியப் பெயர்களுக்கு ஒரு விலக்கு தந்தார். பெயரின் கடைசிச் சொல்லை முதலில் எழுதுவது பொது விதி. ஆனால் தென்னிந்தியப் பெயரில் அந்தக் கடைசிச் சொல் சாதியை மட்டும் குறித்து, அதற்கு முந்திய சொல் முழுதாகவும் இருந்தால், இரண்டையும் இயல்பான வரிசையிலேயே சேர்த்து முன்னால் எழுத வேண்டும். இனிஷியல் பின்னால் போகும். இதன்படி சிவகாசி முன்னோடி 'சண்முக நாடார், ஏ.' என்று 'ச'-வின் கீழ் வருகிறார். ரங்கநாதனின் சொந்தப் பெயரும் நல்ல சான்று. சீர்காழியில் 1892-இல் பிறந்தவர். முன்னால் உள்ள 'ஷியாளி' அந்த ஊர், 'ராமாமிர்த' தந்தை பெயர், ரங்கநாதன் அவர் பெயர். மூன்றில் ஒன்றுகூடக் குடும்பப்பெயர் இல்லை. இருந்தும் உலக நூலகங்கள் 'ரங்கநாதன்' என்ற சொல்லின் கீழ்தான் அவரை வைத்திருக்கின்றன. குடும்பப்பெயர் என்ற பெட்டியில் அவர் பெயரே போய் உட்கார்ந்துகொண்டது. நம்முடைய இனிஷியல் முன்னால் வருவதால் விளைந்த நல்ல விபத்து இது. சதுரங்கத் தரவரிசையில் 'Praggnanandhaa R' என்று பெயர் முன்னும் இனிஷியல் பின்னுமாக இன்று அச்சாவதும் இதே வடிவம்தான். சர் சி. வி. ராமனுக்கு அந்த அதிர்ஷ்டம் முழுதாக வாய்க்கவில்லை. வெங்கடராமன் என்ற ஒற்றைப் பெயர் இரண்டாக உடைந்து, பாதி குடும்பப்பெயராகிவிட்டது. ஆனாலும் அடைவில் அவரை 'ராமன்' என்றுதான் வைக்க வேண்டும். உலகம் அவரை அந்தப் பெயரில்தான் தேடும்.

பட்டத்தை அடைவில் வைத்திருப்பதே தவறு, அழித்துவிட வேண்டும் என்று ஒரு மறுப்பு வரும். அதற்கு நேர் எதிராக, அக்காலத்தில் அவர்கள் பட்டத்தோடுதான் அறியப்பட்டார்கள், அதைப் பின்னுக்குத் தள்ளுவது வரலாற்றைத் திருத்துவது என்றும் சிலர் சொல்வார்கள். ரங்கநாதன் விதி இரண்டு பேருக்கும் ஒரே பதிலைத் தருகிறது. பட்டம் பதிவில் இருக்கும், ஆனால் வரிசையைத் தீர்மானிக்காது. 'சண்முக நாடார்' என்று கையெழுத்திட்டவரை வெறும் 'சண்முகம்' ஆக்கினால் ஆளே மாறிப்போகிறார். 'சௌந்தரபாண்டியன்' என்று எழுதச் சொன்னவருக்கு மறுபடியும் பட்டம் ஒட்டுவதும் அதே அளவு பிழை. ஒருவர் தம் பொதுவாழ்வின் பெரும்பகுதியில் எப்படி அறியப்பட்டாரோ அந்த வடிவம் முதன்மைப் பதிவு. மற்ற வடிவங்கள் தேவைப்பட்டால் 'காண்க' குறிப்பாக நிற்கும்.

இப்படிச் சொன்னதும் இந்த வட்டாரத்தில் குடும்பப்பெயரே கிடையாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே மாவட்டத்து ராஜபாளையத்துக்காரர், சென்னை மாகாண முதல்வராக 1949 முதல் 1952 வரை இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா. அவர் பெயரில் உள்ள 'பி.' தந்தை பெயரும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. பூசபாடி என்ற தெலுங்கு வழிக் குடும்பப்பெயர். அதாவது உண்மையான குடும்பப்பெயர், இயல்பாகவே முன்னால் நிற்கிறது. விதியை எழுத்துப்படி பார்த்தால் அவர் 'பூசபாடி' என்று 'ப'-வின் கீழ் வர வேண்டும். ஆனால் அந்தப் பெயரால் அவரைத் தேடப்போகிற வாசகர் எத்தனை பேர்? குடும்பப்பெயர் இல்லாதவருக்குத் தம் பெயரே தலைச்சொல்; குடும்பப்பெயர் இருந்தும் அது இனிஷியலாகச் சுருங்கிப்போனவருக்கும் தம் பெயரே தலைச்சொல். 'குமாரசாமி ராஜா, பி. எஸ்.' என்பது முதன்மைப் பதிவாகவும், பூசபாடியிலிருந்து ஒரு 'காண்க' குறிப்பும் இருந்தால் போதும். வணிகக் குடும்பங்களின் விலாசமும் இதற்கு நெருங்கியது. இரண்டு மூன்று எழுத்துகள் சேர்ந்து கடைக்கும் குடும்பத்துக்கும் அடையாளமாகி, அப்பன் பிள்ளை பேரன் என்று தொடர்ந்து வரும். அது கிட்டத்தட்டக் குடும்பப்பெயர் செய்யும் வேலையைத்தான் செய்கிறது. ஆனால் எழுத்துக் கோவையை வைத்து ஆட்களை அகர வரிசையில் அடுக்க முடியாது. நிறுவனங்களுக்குத் தனி அடைவு போட்டு விலாசத்தை அங்கே தலைச்சொல்லாக வைப்பதே சரி.

இனி எழுத்துத் தலைப்பு. அய்ய நாடாரையும் சண்முக நாடாரையும் மறுபடி எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் தமிழ் அடைவின் இரண்டு பெரிய இடர்களும் அந்த இரண்டு பெயர்களிலேயே இருக்கின்றன. 'அய்ய' என்று எழுதினால் தலைப்பு அ. 'ஐய' என்று எழுதினால் ஐ. இடையில் ஏழு எழுத்துத் தலைப்புகள் இருக்கின்றன. 'சண்முக' என்றால் ச, பட்டியலின் நடுப்பகுதி. 'ஷண்முக' என்றால் கிரந்த எழுத்துகள் நிற்கும் கடைக்கோடி. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் மாறினாலும் பெரும்பாலும் முதலெழுத்து தப்பிவிடும். தமிழில் மாறுவதே முதலெழுத்துதான். இதற்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. 1978-இல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா, லை, னை போன்றவற்றின் புதிய வடிவங்களை எடுத்துக்கொண்டது. ஐ, ஔ என்ற எழுத்துகளுக்குப் பதில் அய், அவ் என்று எழுதலாம் என்ற பகுதியை எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே அரசு ஒரு வழியிலும் இயக்கத்தவர்களின் அச்சு இன்னொரு வழியிலும் போயின. மறுபக்கம், ர, ல போன்ற எழுத்துகளில் தமிழ்ச் சொல் தொடங்காது என்ற பழைய இலக்கணம் ராமசாமியை இராமசாமியாகவும் லட்சுமியை இலட்சுமியாகவும் ஆக்குகிறது. தனித்தமிழ் உணர்வு ஜெயராமனைச் செயராமன் ஆக்குகிறது. ஒரே ஊரில், சில சமயம் ஒரே குடும்பத்திலேயே, இந்த வடிவங்கள் எல்லாம் புழங்குகின்றன.

இதற்கு ஒரு சீரான விதி போட்டுவிடலாமே, எல்லா ராமசாமியையும் இராமசாமி ஆக்கி 'இ'-யில் வைத்துவிடலாமே என்று தோன்றும். இலக்கணப்படி அது அழகாகவும் இருக்கும். ஆனால் அடைவு இலக்கணத்துக்காக இல்லை, தேடுகிறவருக்காக. இந்த வட்டாரத்தில் ஒருவர் லட்சுமியை 'இ'-யில் போய்த் தேட மாட்டார். ஆகவே முதன்மை வடிவத்தை ஆளுக்கு ஆள் தீர்மானிக்க வேண்டும். அதற்கு எடுத்துக்கொள்ளும் சான்றுகளுக்கு மட்டும் ஒரு முன்பின் ஒழுங்கு இருந்தால் போதும். முதலில் அவர் கையெழுத்து அல்லது அவரே அச்சிட்டது. அது இல்லையென்றால் அவர் பெயர் தாங்கிய நிறுவனம். அதுவும் இல்லையென்றால் நூலில் பெரும்பாலும் வரும் வடிவம். சிவகாசிக் கல்லூரி தன்னை 'அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி' என்றே எழுதுகிறது. கேள்வி அங்கே தீர்ந்தது. 'ஐய' என்பதிலிருந்து ஒரு குறிப்பு போதும். இப்படித் தீர்த்தபின் அடைவின் ஒரு பகுதி பக்க எண்கள் நீங்கலாக இவ்வாறு நிற்கும்:

அ
அய்ய நாடார், பி. (சிவகாசி)

ஐ
ஐய நாடார் — காண்க: அய்ய நாடார்

க
காமராசர் — காண்க: காமராஜ்
காமராஜ், கு. (விருதுநகர்)
குமாரசாமி ராஜா, பி. எஸ். (ராஜபாளையம்)

ச
சண்முக நாடார், ஏ. (சிவகாசி)
சௌந்தரபாண்டியன், டபிள்யூ. பி. ஏ. (பட்டிவீரன்பட்டி)

ப
பூசபாடி குமாரசாமி ராஜா — காண்க: குமாரசாமி ராஜா

ஷ
ஷண்முக நாடார் — காண்க: சண்முக நாடார்

இந்தச் சிறு துண்டிலேயே மூன்று முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. மெய்யெழுத்துக்கு ஒரே தலைப்புத்தான். க, கா, கி, கு என்று ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனித் தலைப்பு வைத்தால் ஒரு பதிவுக்கு ஒரு தலைப்பு என்ற நிலை வந்து தலைப்புகளே கூட்டமாகிவிடும். ஆனால் இந்த வட்டாரத்தில் 'ம' மட்டும் விலக்கு. மாரி, மாடசாமி, முத்து, முனியசாமி, முருகன் என்று தெய்வப் பெயர்கள் குவிவதால் மா, மு இரண்டையும் துணைத் தலைப்பாகப் பிரிப்பது நல்லது. இரண்டாவது, மெய் புள்ளியோடு நிற்கும் இடம் உயிர்மெய்க்கு முன்னால் வருகிறது. கண்ணன் முன், கணபதி பின். மூன்றாவது, இடைவெளியை வரிசையில் கணக்கில் எடுக்கவில்லை. எடுத்தால் 'முத்து வேல்' ஓரிடத்திலும் 'முத்துவேல்' வேறிடத்திலும் போய்விடும். 'முத்துகுமார்', 'முத்துக்குமார்' என்று ஒற்று மிகுந்தும் மிகாமலும் எழுதப்படும் பெயரை ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்தபின்தான் அடுக்க வேண்டும்.

கணினியில் போட்டால் அதுவே அடுக்கிவிடாதா என்பது அடுத்த கேள்வி. அடுக்கும், ஆனால் எந்த வரிசையில் என்று பார்க்க வேண்டும். ஒருங்குறியில் தமிழ் எழுத்துகள் இருக்கும் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை அன்று. அங்கே ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ச-வுக்கு அடுத்து ஜ. ள-வுக்குப் பின்னால்தான் ழ, அதற்கும் பின்னால் வ. புள்ளியோ உயிர்க்குறிகளுக்கு எல்லாம் பின்னால். குறியெண் வரிசையை அப்படியே பின்பற்றும் எளிய நிரலில் போட்டால் மாரியப்பன், மாறன், மாலதி என்று வரும். அகராதி பார்த்துப் பழகியவர் மாரியப்பன், மாலதி, மாறன் என்றுதான் எதிர்பார்ப்பார். கணபதியும் கண்ணனுக்கு முன்னால் ஏறிவிடுவார். தமிழுக்கு உரிய வரிசை விதி சேர்ந்த மென்பொருளில் இது சரியாகும். சரியா இல்லையா என்று அறிய முழு அடைவையும் படிக்க வேண்டியதில்லை. மாலதியும் மாறனும், கண்ணனும் கணபதியும் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

இதுவரை பேசியவர்கள் பொதுவாழ்வில் அறியப்பட்டவர்கள். ஆனைக்குட்டம் போன்ற ஊரின் வரலாற்றில் பெரும்பாலோர் அப்படி இல்லை. ஆவணத்தில் ஒரே ஒரு வரியாக வருகிறவர்கள். அந்த ஆவணங்கள் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுகின்றன. பட்டாவில் தந்தை பெயர் முன்னால் வந்து, 'மகன்' என்ற சொல்லுக்குப் பின்னால்தான் உரியவர் பெயர் வரும். வாக்காளர் பட்டியல் அகர வரிசையில் இல்லாமல் வீட்டு எண் வரிசையில் போகும். தந்தை அல்லது கணவர் பெயர் தனி வரியில் இருக்கும். ஆலையின் தொழிலாளர் பதிவேட்டில் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் முனியசாமி மூன்று நான்கு விதமாக எழுத்துக்கூட்டப்பட்டிருப்பார். இந்த மூன்றிலிருந்தும் பெயர்களைத் திரட்டுகிறவர் நேராக அடைவு எழுதத் தொடங்கக் கூடாது. ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு சீட்டு போட வேண்டும். ஆவணத்தில் உள்ளபடி பெயர், த/பெ அல்லது க/பெ, தெரு அல்லது வீட்டு எண், தொழில், ஆண்டு, நூற்பக்கம் ஆகியவற்றை அதில் குறித்துக்கொள்ள வேண்டும். சீட்டுகளை அகர வரிசையில் அடுக்கும் முன், எந்தெந்தச் சீட்டுகள் ஒரே ஆளுடையவை என்று கண்டு சேர்க்க வேண்டும். இந்த வேலையில் பாதிக்கு மேல் நேரம் போகும், அது சரியும்கூட.

இங்கே இனிஷியல் உதவுவதைப் போலத் தோன்றி ஏமாற்றும். காமராஜின் தந்தை குமாரசாமி; ஆங்கில வழியில் வந்தால் 'கே. காமராஜ்', தமிழ் வழியில் வந்தால் 'கு. காமராஜ்'. எம். என்பது முனியசாமியா, மாரியப்பனா, முத்துவா என்று அந்த எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஆணையிட்டபின் புதிய ஆவணங்களில் இது சற்றுத் தெளியலாம்; பழைய ஆவணங்களுக்கு அது உதவாது. ஆகவே தந்தை பெயர் தெரிந்த இடத்தில் எல்லாம் இனிஷியலை விரித்து எழுதி, ஒரே பெயருடையவர்களை அந்த விரிந்த வடிவத்தால் வரிசைப்படுத்துவதே பாதுகாப்பு. பெண்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். பட்டாசு ஆலைகளில் வேலை செய்வோரில் பெண்கள் கணிசமாக உண்டு. திருமணத்துக்கு முன் தந்தை இனிஷியல், பின் பலருக்குக் கணவர் இனிஷியல். குடும்பப்பெயரை முன்னால் வைக்கும் நாட்டில் மணமான பெண் அடைவில் வேறு எழுத்துக்கே குடிபெயர்ந்துவிடுவாள். பழைய இடத்திலிருந்து குறிப்பு போட வேண்டும். தம் பெயரைத் தலைச்சொல்லாக வைக்கும் நம் முறையில் மாரீஸ்வரி மாரீஸ்வரியாகவே இருக்கிறாள்; காற்புள்ளிக்குப் பின்னால் உள்ளதுதான் மாறுகிறது. நம் முறை வெறும் உள்ளூர்ச் சமாளிப்பு என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

உலக நடைமுறை வேறு திசையில் போகிறதே என்பது கனமான மறுப்பு. கடவுச்சீட்டில் குடும்பப்பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாமல் விட்டால் தொல்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா, வருகை விசாக்கள் இல்லை என்று அறிவித்தபோது வளைகுடா போகும் தமிழ்க் குடும்பங்கள் பதறின. தந்தை பெயர் கடவுச்சீட்டில் வேறு பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று பின்னர் விளக்கம் வந்தது. புலம்பெயர்ந்த குடும்பங்களில் தாத்தாவின் பெயரே உறைந்துபோய் மூன்றாம் தலைமுறைக்கு உண்மையான குடும்பப்பெயராகிவிட்டதும் உண்டு. அப்படிப்பட்டவரை அந்தப் பெயரின் கீழ் வைப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. அவரை அப்படித்தான் தேடுவார்கள். ஆனால் கட்டத்தை நிரப்புவதற்காகத் தந்தை பெயரைக் குடும்பப்பெயர் என்று எழுதியவரை, ஊரில் யாரும் அந்தப் பெயரால் கூப்பிடாதவரை, அவர் தந்தையின் எழுத்தின் கீழ் வைப்பதில் நியாயம் இல்லை. குடியேற்ற அலுவலகத்தின் தேவை ஒன்று, நூலின் வாசகர் தேவை வேறு.

மின்னூலில் தேடுபெட்டி இருக்கும்போது அடைவே எதற்கு என்றும் கேட்பார்கள். தேடுபெட்டி எழுத்துக் கோவையைத்தான் தேடும், ஆளைத் தேடாது. 'காமராஜர்' என்று தட்டினால் 1997 வரை இந்த மாவட்டத்துக்கு இருந்த 'காமராஜர் மாவட்டம்' என்ற பெயர் வரும் பக்கங்கள் எல்லாம் வந்து விழும். 'காமராஜ்' என்றோ 'காமராசர்' என்றோ எழுதிய பக்கங்கள் வராது. 'அய்ய நாடார்' என்று தட்டினால் ஆளை விடக் கல்லூரி அதிகம் வரும். மாவட்டத்தையும் கல்லூரியையும் ஒதுக்கி, மூன்று வடிவங்களையும் ஒன்றாக்கி, இத்தனை பக்கங்களில் இந்த ஆள் இருக்கிறார் என்று சொல்வது யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்துச் செய்த முடிவு.

அடைவு முடிந்தபின் அதைப் படிக்காமலேயே, வடிவத்தைப் பார்த்துச் சில பிழைகளைப் பிடிக்கலாம். ஒரு தலைப்பு மட்டும் அளவுக்கு மீறி வீங்கி, பதிவுகள் எல்லாம் ஒரே சொல்லில் தொடங்கினால், பட்டம் தலைச்சொல்லாக நுழைந்துவிட்டது. ஜ, ஷ, ஸ தலைப்புகளிலும் ச-விலும் ஒலியொத்த பெயர்கள் நேரடிப் பதிவுகளாக இருந்தால், ஒரே ஆள் இரண்டாகப் பிளந்திருக்க வாய்ப்பு உண்டு. ர-வுக்கும் இ-க்கும் இடையிலும் அப்படியே. பொதுவான ஒரு பெயருக்குப் பின்னால் அறுபது ஆண்டுக் காலத்தைத் தழுவிய பக்க எண்கள் நீளமாகப் போனால், அங்கே இரண்டு மூன்று பேர் ஒருவராக ஒட்டப்பட்டிருக்கக்கூடும். பிளவுப் பிழையைவிட இந்த ஒட்டுப் பிழை கொடியது. பிளந்ததைக் 'காண்க' குறிப்பால் எளிதில் சேர்த்துவிடலாம். ஒட்டியதைப் பிரிக்க மறுபடி ஆவணத்துக்குப் போக வேண்டும்.

அந்த ஒட்டுப் பிழைக்கு நம் வழக்கமே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது தென்மாவட்டங்களில் பரவலான பழக்கம். கருப்பசாமியின் மகன் முத்து. முத்துவின் மகனுக்குத் தாத்தா பெயர், கருப்பசாமி. அவர் மகன் மறுபடி முத்து. எழுதும்போது முதல் முத்துவும் 'க. முத்து', அவர் பேரனும் 'க. முத்து'. இனிஷியலை விரித்தாலும் பயன் இல்லை. இருவருக்கும் தந்தை கருப்பசாமியே. ஊரும் தெருவும், பல சமயம் வீடும்கூட ஒன்றாகவே இருக்கும். மிஞ்சுவது ஆண்டும் தொழிலும்தான். ஒருவர் புஞ்சை நிலத்துக்குப் பட்டாதாரர், இன்னொருவர் ஆலையில் வெடிமருந்துக் கலவை அறைத் தொழிலாளி என்று தெரிந்தால் 'முத்து, கருப்பசாமி மகன் (பட்டாதாரர்)', 'முத்து, கருப்பசாமி மகன் (ஆலைத் தொழிலாளி)' என்று அடைப்புக்குறி இட்டுப் பிரிக்கலாம். ஆண்டு கிடைத்தால் அதையும் சேர்க்கலாம். எதுவும் தெரியாமல் இரண்டு சீட்டுகள் கையில் மிஞ்சினால் அவற்றைத் தனித்தனிப் பதிவுகளாகவே விட்டு, ஒருவராகவும் இருக்கலாம் என்று ஒரு குறிப்பை மட்டும் கீழே வைக்க வேண்டும். ஊர்க்காரர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, அது என் தாத்தா, இது என் அண்ணன் என்று சொன்னால், அடுத்த பதிப்பில் திருத்துவதற்கு இரண்டு வரிகள் தனியாக இருப்பதுதான் வசதி.